காலி அறையில் கட்டில் போட்டேன், ஈரச் சுவரில் கை வைக்கவில்லை

ஹட்டனுக்கும் டிக்கோயாவுக்கும் இடையில் ஒரு பழைய வீடு விற்பனைக்கு வந்தது. முன்னால் ஒரு ஹோல், இரண்டு அறைகள், பின்பக்கம் குசினி, தகரக் கூரை, சிவப்பு சீமெந்துத் தரை. வீட்டுக்கார அக்கா குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டார். சாமான் எல்லாம் லொறியில் ஏறிவிட்டதால் வீடு காலி. விளம்பரத்துக்குப் படம் எடுத்து, அந்தப் படங்களில் கணினியிலேயே தளபாடம் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டார். வெர்ச்சுவல் ஸ்டேஜிங் என்று தொழிலில் சொல்வது இதைத்தான்.

இதை ஏமாற்று என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. காலி அறையைப் படத்தில் பார்க்கிறவருக்கு அளவே பிடிபடாது. நாலு சுவர், ஒரு ஜன்னல், அவ்வளவுதான். 10 அடி அறை 8 அடி மாதிரியும் தெரியும், 14 அடி மாதிரியும் தெரியும். ஒரு கட்டிலையும் ஒரு அலுமாரியையும் சரியான அளவில் வைத்துக் காட்டினால், இந்த அறையில் என்ன கொள்ளும், என்ன கொள்ளாது என்று பார்த்தவுடன் புரிந்துவிடும். கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பவர் வீட்டை நேரில் பார்க்க அரை நாள் பயணம் செய்து மேலே வரவேண்டும். அதற்கு முன்பே சிலர் படத்தை நம்பி முற்பணமும் அனுப்பிவிடுகிறார்கள். அதனால் படத்தில் என்ன சேர்த்தோம், என்ன சேர்க்கவில்லை என்பது எனக்குப் பெரிய விஷயம்.

இந்த வீட்டில் மற்ற இடங்களில் சிக்கல் இல்லை. பின்பக்க அறைதான் கேள்வியைக் கிளப்பியது. அந்த அறையில் என்ன செய்தேன் என்பதைத்தான் விரிவாக எழுதப்போகிறேன்.

அந்த அறை

அகலம் 10 அடி, நீளம் 9 அடி. வீடு சரிவை வெட்டிக் கட்டியது. அறையின் பின்சுவருக்கும் வெட்டிய மண்மேட்டுக்கும் இடையில் 6 அடி இடைவெளிதான் இருக்கிறது. மேட்டைத் தாங்க ஒரு கருங்கல் சுவர். அந்தச் சுவரில் தண்ணீர் வடிய வைத்த பீவிசி குழாய்கள் இருக்கின்றன, ஆனால் பாதிக்கு மேல் பாசியும் மண்ணும் அடைத்துக் கிடந்தன. மேட்டில் ஊறுகிற தண்ணீருக்குப் போக வழியில்லாததால் அது வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது.

அறைக்குள் பின்சுவரின் இடது மூலையில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலால் தொட்டால் உள்ளேயிருந்து வெள்ளைத் தூள் உதிர்ந்தது. சுவரில் ஊறிய ஈரம் காயும்போது மேலே விட்டுப் போகிற உப்பு அது. கூரை ஒழுகினால் கறை மேலிருந்து கீழே இறங்கும். இங்கே மேற்பகுதி காய்ந்திருந்தது, கீழ்ப்பகுதிதான் நனைந்திருந்தது. ஆகவே தண்ணீர் மண்பக்கத்திலிருந்துதான் வருகிறது.

அக்காவிடம் போனில் சொன்னேன். அவர் ஒளிவுமறைவு இல்லாமல் கேட்டார்: "தம்பி, எப்படியும் கட்டில் போடத்தானே போறீங்க? அந்த மூலையில கட்டிலோட தலைப்பக்கம் வர்ற மாதிரி வச்சா தெரியாதுதானே?"

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. கட்டில் போடுவது ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலை. சுவரில் நான் எதையும் அழிக்கப்போவதும் இல்லை. படத்தில் "தளபாடம் கணினியில் சேர்க்கப்பட்டது" என்று எழுதியும் விடலாம். ஆனாலும் அப்படிச் செய்தால், லேபிள் உண்மையைச் சொல்லும், படம் பொய் சொல்லும். லேபிளைப் படித்தவர் "சரி, கட்டில் இல்லை, அறை மட்டும் இப்படித்தான் இருக்கும்" என்று நினைப்பார். அந்த அறை இப்படி இல்லையே.

அதனால் "சுவரை மாற்றக்கூடாது" என்பது மட்டும் எனக்குப் போதவில்லை. சாவியோடு வாங்குகிறவர் கைக்குப் போகிற எதுவும், அதாவது சுவர், தரை, கூரை, ஜன்னலுக்கு வெளியே தெரிவது எல்லாம், படத்தில் உள்ளபடியே தெரியவேண்டும். நான் சேர்க்கிற பொருள் ஒரு குறையின் மேல் உட்காரக்கூடாது. வேறு இடமே இல்லாமல் உட்காரத்தான் வேண்டும் என்றால், அந்தக் குறையைத் தனிப்படமாகப் பக்கத்தில் வைக்கவேண்டும். இதை அக்காவிடம் விளக்கினேன். "மூலையைப் பார்த்துட்டு யாரும் வராம போயிட்டா?" என்று கேட்டார். அரை நாள் பயணம் செய்து வந்து, மூலையைக் கண்டுபிடித்து, மற்ற எல்லாப் படத்தையும் சந்தேகப்பட்டுத் திரும்பிப் போகிறவரைவிட, கறை தெரிந்தே வருகிறவர்தான் விலை பேச உட்காருவார் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு சரி என்றார்.

படம் எடுத்த விதம்

கணினியில் பொருளை நேர்மையாக வைக்கவேண்டுமானால் படமெடுக்கும்போதே அதற்கான வேலையைச் செய்துகொள்ள வேண்டும். பிறகு ஊகித்து வைத்தால் அளவு தப்பும்.

முக்காலியில் கேமராவைத் தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் வைத்தேன். மேலும் கீழும் சாய்க்காமல் மட்டமாக வைத்தால் சுவர்க் கோடுகள் நேராக நிற்கும். லென்ஸ் 24 மி.மீ. போனில் உள்ள 0.5 எக்ஸ் லென்ஸால் எடுத்தால் ஒரே படத்தில் முழு அறையும் வந்துவிடும். ஆனால் அது ஓரங்களை இழுத்து, 9 அடியை 13 அடி போலக் காட்டும். எந்த எடிட்டிங்கும் செய்யாமலேயே பொய்யாகிவிடுகிற படம் அது. 24 மி.மீட்டரில் முழு அறையும் அடங்கவில்லை. அதனால் இரண்டு மூலைகளிலிருந்து இரண்டு படம் எடுத்தேன்.

ஜன்னல் வெளிச்சத்துக்கும் அறை இருட்டுக்கும் வித்தியாசம் அதிகம். ஒரே இடத்திலிருந்து மூன்று வெளிச்ச அளவுகளில் எடுத்து, பிறகு சேர்த்தேன். ஜன்னலுக்கு வெளியே கருங்கல் சுவர் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதுதான் நோக்கம். ஜன்னலை வெறும் வெள்ளையாக விட்டால் பார்க்கிறவர் அங்கே தேயிலை மலை இருப்பதாக நினைத்துக்கொள்வார்.

சிவப்பு சீமெந்துத் தரையில் ஒரு தொல்லை உண்டு. டைல் தரையாக இருந்தால் அதன் கோடுகளே அளவுகோலாகிவிடும், இதில் கோடே இல்லை. அதனால் ஒரு அட்டைப்பெட்டியை 2 அடிக்கு 2 அடி சதுரமாக வெட்டித் தரையில் வைத்து, முக்காலியை அசைக்காமல் ஒரு படம் கூடுதலாக எடுத்தேன். பிறகு அட்டையை எடுத்துவிட்டு உண்மையான படம். கதவு நிலையின் உயரத்தையும் டேப்பால் அளந்து குறித்துக்கொண்டேன்.

சாம்பல் நிற அட்டை ஒன்றையும் ஒரு படத்தில் பிடித்துக்கொண்டேன். நிறத்தைச் சரிசெய்ய அது உதவும். ஈரக் கறை படிந்த சுவரில் நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்வது ஆபத்து. மஞ்சளைக் கொஞ்சம் குறைத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினால் கறை பாதி மறைந்துவிடும். கையில் அட்டை இருந்தால், அது சாம்பலாகத் தெரியும் இடத்தில் நிறுத்திவிடலாம், அதற்கு மேல் போகத் தேவையில்லை. இருட்டான இடங்களில் புள்ளி புள்ளியாகத் தெரிகிற இரைச்சலைக் குறைக்கும் கருவியையும் அளவோடுதான் பயன்படுத்தினேன். அதைக் கூட்டினால் மெல்லிய வெடிப்புகள் எல்லாம் வழவழப்பாகிக் காணாமல் போய்விடும்.

கட்டில் உண்மையில் கொள்ளுமா?

முதலில் தாளில் கணக்குப் போட்டேன். நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற இரட்டைக் கட்டில் சுமார் 6¼ அடி நீளம், 5 அடி அகலம். விளம்பரப் படங்களில் பார்க்கிற மாதிரி 10 அடிச் சுவரின் நடுவில் தலைப்பக்கம் வைத்தால், இரண்டு பக்கமும் இரண்டரை அடி மிஞ்சும். கால்பக்கம் 9 அடியில் 6¼ போனால் 2¾ அடி. எதிர்ச்சுவரில் 2 அடி ஆழமுள்ள அலுமாரி வைத்தால் மிச்சம் முக்கால் அடி. அலுமாரிக் கதவு திறக்காது. ஆளும் நடக்கமுடியாது.

கட்டிலை வலது பக்கச் சுவரோடு ஒட்டிவிட்டால் இடது பக்கம் 5 அடி கிடைக்கும். இடது சுவரோடு அலுமாரி வைத்தாலும் நடுவே 3 அடி வழி இருக்கிறது. ஒரு குடும்பம் இந்த அறையில் உண்மையாகவே இப்படித்தான் சாமான் போடும். ஈரம் இருக்கிற இடது மூலையைத் திறந்து விடவும் இதுதான் வசதி. அலுமாரியை அந்த மூலையிலிருந்து தள்ளி, இடது சுவரின் கதவுப் பக்க முனையில் வைத்தேன். ஈரச் சுவரோடு அலுமாரியை ஒட்டி வைத்தால் உள்ளே துணியெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும் என்பது மலையகத்தில் இருக்கிற யாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே படத்தில் அப்படி வைப்பது ஒரு தவறான ஆலோசனை மாதிரி எனக்குப் பட்டது.

அப்புறம்தான் கணினி. fSpy என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து, அட்டைச் சதுரத்தின் விளிம்புகளோடும் கதவு நிலையோடும் கோடுகளைப் பொருத்தினேன். கேமரா எங்கே நின்றது, எந்தக் கோணத்தில் பார்த்தது என்று அது கணக்கிட்டுத் தரும். அட்டையின் ஒரு பக்கம் 2 அடி என்று சொல்லிவிட்டால் உண்மையான அளவும் வந்துவிடும். அதை Blender என்ற முப்பரிமாண மென்பொருளுக்குள் கொண்டுபோய், 2 அடிச் சதுரம் ஒன்று வரைந்து அட்டைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். ஓரங்கள் ஒட்டினால் கேமரா சரி. பிறகு அளந்துவைத்த கதவு உயரத்தில் ஒரு பெட்டியை நிலைக்குள் நிறுத்திப் பார்த்தேன். அதுவும் பொருந்தியது. இந்த இரண்டாவது சோதனையை விடக்கூடாது. தரையில் சரியாக இருந்து உயரத்தில் தப்பினால் கட்டில் குள்ளமாகத் தெரியும், அறை பெரிதாகத் தெரியும்.

கட்டிலை 6¼ × 5 அடியிலேயே வைத்தேன். இந்தத் தொழிலில் அதிகம் நடக்கிற ஏமாற்று இதில்தான். கட்டிலைப் பத்தில் எட்டாகச் சுருக்கினால் அறை தாராளமாகத் தெரியும், பார்க்கிறவர் கண்ணுக்கு எதுவும் உறுத்தாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கட்டிலின் மெத்தை உயரத்தைப் பக்கத்திலிருக்கும் கதவுப் பூட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பூட்டு சாதாரணமாகத் தரையிலிருந்து மூன்று அடிக்குச் சற்று மேலே இருக்கும், மெத்தையின் மேல்தளம் இரண்டு அடிக்குக் கொஞ்சம் கீழே. இரண்டும் தரையில் ஒரே தூரத்தில் இருக்கும்போது, மெத்தை பூட்டின் பாதி உயரத்தைக்கூட எட்டவில்லை என்றால் கட்டிலைச் சுருக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

நிழலுக்கு Blender-இல் தரையை Shadow Catcher ஆக்கினேன். தரை தெரியாது, அதில் விழும் நிழல் மட்டும் படத்தில் சேரும். இந்த அறைக்கு நேர் வெயில் வராது, மண்மேடு கூரை விளிம்பைவிட உயரம். அதனால் மேகமூட்டமான வெளிச்சத்தையே கொடுத்தேன். நிழல் மங்கலாக, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் விழும். கட்டில் கால்கள் தரையைத் தொடுகிற இடத்தில் மட்டும் சற்று அடர்த்தி. போர்வையின் மேல் மஞ்சள் வெயில் போட்டால் படம் அழகாக இருந்திருக்கும். ஆனால் இந்த அறையில் வெயில் விழும் என்று அது ஒருவருக்குச் சொல்லிவிடும். குளிர்ப் பிரதேசத்தில் வெயில் வருகிற அறைக்குத் தனி மதிப்பு இருக்கிறது. போர்வை போல அதைக் கழற்றிவிட்டுப் போக முடியாது.

தானாகச் செய்கிற கருவியைச் சோதித்துப் பார்த்தேன்

இப்போது படத்தைக் கொடுத்தால் சில நொடிகளில் தளபாடம் போட்டுத் தருகிற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிறைய வந்துவிட்டன. தரகர்கள் பலர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதனால் அதே காலி அறைப் படத்தை அப்படி ஒன்றிலும் போட்டுப் பார்த்தேன். வந்த படம் பார்க்க நன்றாக இருந்தது. சுற்றிலும் ஏதோ மாறியிருக்கிறது என்று தோன்றியது, ஆனால் எது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

இதற்குக் கண்ணை நம்பக்கூடாது. ImageMagick என்ற இலவச மென்பொருளில் இரண்டு படத்தையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கவேண்டும். அதற்கு முன் கருவி தந்த படத்தை அசலின் அளவுக்குக் கொண்டுவரவேண்டும், ஏனென்றால் கருவிகள் பெரும்பாலும் அளவை மாற்றித்தான் திருப்பித் தருகின்றன. என் அசல் 3000 × 2000.

```
magick staged.jpg -resize '3000x2000!' fit.jpg
magick asal.jpg fit.jpg -compose difference -composite -colorspace Gray -threshold 8% diff.png
```

diff.png-இல் மாறாத இடம் கறுப்பாகவும் மாறிய இடம் வெள்ளையாகவும் வரும். கட்டில், அலுமாரி, அவற்றின் நிழல் வெள்ளையாக இருக்கலாம். மற்றதெல்லாம் கறுப்பாக இருக்கவேண்டும். விளிம்புகளில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் வந்தால் அது படத்தைச் சுருக்கி விரித்ததால் வருவது, பொருட்படுத்த வேண்டாம். திட்டாக வெள்ளை வந்தால்தான் போய்ப் பார்க்கவேண்டும்.

எனக்கு இடது மூலையில் பெரிய வெள்ளைத் திட்டு வந்தது. பெயின்ட் கொப்புளம் முழுவதையும் கருவி சுத்தமாகப் பூசியிருந்தது. அப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை. நேர்த்தியான அறைப் படங்களைப் பார்த்துப் பழகிய கருவி, சுவர் என்றால் வழவழவென்றுதான் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டது. ஜன்னலிலும் ஒரு திட்டு: கருங்கல் சுவர் போய், பச்சையாக மங்கலான மரங்கள். சுவரில் இருந்த ஒரே பிளக் பாயின்ட்டும் காணவில்லை. பிளக் பாயின்ட் சின்ன விஷயம் என்று நினைக்கலாம். பழைய வீட்டில் புதிதாக வயர் இழுக்க என்ன செலவாகும் என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த மாதிரிப் படத்தில் "தளபாடம் கணினியில் சேர்க்கப்பட்டது" என்று எழுதி வெளியிட்டால், எழுதியவருக்கே தெரியாமல் அது பொய்யாகிவிடும். கருவியை விடவே முடியாது என்கிறவர்களுக்கு ஒரு வழி: GIMP என்ற படம் திருத்தும் மென்பொருளில் கருவி தந்த படத்தைக் கீழே வைத்து, அசலை அதன் மேல் வைக்கவேண்டும். அசலுக்கு ஒரு மாஸ்க் போட்டு, கட்டிலும் நிழலும் இருக்கிற இடத்தை மட்டும் துளைத்துவிடவேண்டும். மற்ற எல்லா இடத்திலும் கேமரா பார்த்ததுதான் இருக்கும். பிறகு மறுபடி கழித்துப் பார்க்கவேண்டும். இந்த அறைக்கு நான் Blender படத்தையே வைத்துக்கொண்டேன். கருவி போட்ட கட்டில் நடுச்சுவரில் இருந்தது, கால்பக்கம் அலுமாரியும் இருந்தது. மேலே போட்ட கணக்குப்படி அந்த இரண்டும் அந்த அறையில் சேர்ந்து நிற்கவே முடியாது.

எதற்கு லேபிள், எதற்கு வேண்டாம்

வெளிச்சம், நிறச் சமன், கோணலை நிமிர்த்துவது, ஓரத்தை வெட்டுவது ஆகியவற்றுக்கு லேபிள் போடுவதில்லை. கேமரா பார்த்ததைக் கண் பார்த்ததோடு சேர்ப்பதற்கான வேலை அவை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஏபி 723 என்ற சட்டமும் இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. இந்தத் திருத்தங்களை விட்டுவிட்டு, தளபாடம், தரை, சுவர், பெயின்ட் நிறம், ஜன்னலில் தெரியும் காட்சி போன்றவற்றைச் சேர்த்தாலோ நீக்கினாலோ மாற்றினாலோ, படத்தின் மேலோ பக்கத்திலோ அதைத் தெளிவாகச் சொல்லவேண்டும், திருத்தாத படத்தையும் பார்க்க வழி தரவேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் இங்கே செல்லாது. ஆனால் வியாபாரத்தில் ஈடுபடுகிறவர் பிறரைத் தவறாக வழிநடத்தக்கூடாது என்று நம் நாட்டு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவும் சொல்கிறது. அசல் படத்தைப் பக்கத்தில் வைக்கவேண்டும் என்ற யோசனை எனக்குப் பிடித்தது, அதை எடுத்துக்கொண்டேன்.

ஒரு இடத்தில் அந்தச் சட்டத்தைவிடக் கண்டிப்பாக இருக்கிறேன். லேபிள் போட்டால்கூட நான் ஈரத்தை அழிப்பதில்லை, வெடிப்பை மூடுவதில்லை, ஜன்னல் காட்சியை மாற்றுவதில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலையகத்தில் மண்சரிவுகள் நடந்த பிறகு, வீடு பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது பின்னால் மேடு இருக்கிறதா என்பதைத்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கவேண்டுமா இல்லையா என்று ஒருவர் தீர்மானிப்பதே அந்த ஜன்னலில் தெரியும் கருங்கல் சுவரைப் பார்த்துத்தான். அதனால் பின்பக்கப் பாதை, தாங்கு சுவர், அடைத்த குழாய்கள், மேட்டின் உயரம் எல்லாம் தெரிய ஒரு படத்தைத் தனியாகச் சேர்த்தேன்.

அக்கா இன்னொன்றும் கேட்டார். குசினியில் விறகடுப்பும் புகை படிந்த சுவரும் இருக்கிறது, அதை எடுத்துவிட்டு பேன்ட்ரி அலுமாரி போட்ட மாதிரிக் காட்ட முடியுமா என்று. அது தளபாடம் இல்லை, கட்டட வேலை. லட்சக்கணக்கில் செலவு வைக்கிற ஒன்றைப் படத்தில் இனாமாகக் கொடுக்க முடியாது. குசினியை உள்ளபடியே எடுத்தேன். தரையில் யாரோ விட்டுப்போன உடைந்த வாளியைக் கணினியில் நீக்காமல் கையாலேயே எடுத்து வெளியே வைத்துவிட்டுப் படமெடுத்தேன். அதற்கு லேபிளும் தேவையில்லை.

லேபிளில் எழுதியது: "கட்டிலும் அலுமாரியும் கணினியில் சேர்க்கப்பட்டவை. அறை காலி. அசல் படம் அடுத்தது." தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் போட்டேன். "மாதிரிப் படம்" என்று மட்டும் எழுதினால் எது மாதிரி என்று புரியாது. எதைச் சேர்த்தோம் என்று பெயர் சொல்லிவிடவேண்டும்.

எங்கே போடுவது என்பதில் கவனம் தேவை. கோப்புக்குள் மறைவாக எழுதி வைக்கிற தகவல் போதாது, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும். விளம்பரத்தின் கீழே எழுதினால், யாராவது படத்தை மட்டும் சேமித்து அனுப்பும்போது எழுத்து பின்தங்கிவிடும். படத்தின் அடி ஓரத்திலும் பாதுகாப்பில்லை, முன்னோட்டத்தில் பல தளங்கள் படத்தைச் சதுரமாக வெட்டிக் காட்டுகின்றன. 3000 × 2000 படத்தில் நடுவில் 2000 அகலம்தான் மிஞ்சும். அதனால் 1800 அகலத்தில் ஒரு பட்டை செய்து, நடுவிலிருந்து சற்றுக் கீழே, ஆனால் குறையுள்ள மூலையை மூடாமல் வைத்தேன். கீழே இருப்பது தமிழ் வரிக்கான கட்டளை.

```
magick -background black -fill white -size 1800x -gravity center -pointsize 60 pango:"கட்டிலும் அலுமாரியும் கணினியில் சேர்க்கப்பட்டவை. அறை காலி. அசல் படம் அடுத்தது." label.png
magick blender.jpg label.png -gravity center -geometry +0+500 -composite final.jpg
```

pango: என்பதைத் தமிழுக்காகவே போட்டேன். சாதாரண -annotate கட்டளையில், உங்கள் ImageMagick எப்படிக் கட்டமைக்கப்பட்டது என்பதைப் பொறுத்து, கொம்பும் காலும் இடம் மாறி "கொ" சிதைந்து வரலாம். படிக்க முடியாத லேபிளால் பயனில்லை. முடிந்ததும் படத்தைப் போனில் திறந்து, விரலால் பெரிதாக்காமல் கையை நீட்டிப் பிடித்து வாசிக்க முடிகிறதா என்று பார்த்தேன். முதலில் வைத்த எழுத்து சின்னதாக இருந்ததால் 60 ஆக்கினேன்.

கடைசியில் அந்த அறைக்கு நாலு படம் போனது: லேபிளோடு தளபாடம் போட்டது, அதே கோணத்தில் காலி அறை, இடது மூலை கிட்டத்தில், பின்பக்கத் தாங்கு சுவர். கொழும்பிலிருந்து பேசியவர்கள் கேட்டது கட்டிலைப் பற்றியல்ல, குழாய் அடைப்பை எடுக்க என்ன செலவாகும் என்பதைத்தான். அக்கா இப்போது ஆள் வைத்துக் குழாய்களைச் சுத்தம் செய்து, பின்பக்கம் கான் வெட்டி, காய்ந்த பிறகு மூலையைப் பூச ஏற்பாடு செய்திருக்கிறார். பூச்சு காய்ந்ததும் நாலு படத்தையும் புதிதாக எடுக்கவேண்டும், பழையவற்றை விளம்பரத்திலிருந்து இறக்கவேண்டும். மூலையைப் பூசிய படத்தோடு பூசிய திகதியையும், குழாய் சுத்தம் செய்த திகதியையும் எழுதிப் போடச் சொல்லியிருக்கிறேன். ஒரு மழைக்காலம் தாண்டாத பூச்சு அது, அதை வாங்குகிறவர் தெரிந்துகொண்டு வரட்டும்.